ஊசல் ப்ராஜெக்ட்டில் g 10.18 வந்தால், "எங்கே தவறியது" ஸ்லைடில் என்ன எழுதுவது?

கேள்வி: சார், நான் ஒன்பதாம் வகுப்பு. தனி ஊசல் வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் g-இன் மதிப்பைக் கண்டுபிடித்தேன். 9.8 வரவேண்டியது, சராசரி 10.18 வந்துவிட்டது. அறிவியல் கண்காட்சிக்கு இதைக் கரோசலாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள்: கேள்வி, செய்முறை, முடிவு, எங்கே தவறியது. கடைசி ஸ்லைடில் "மனிதப் பிழை, காற்றின் தடை" என்று போட்டிருக்கிறேன். போதுமா? நூல் நீளம் 20, 40, 60, 80, 100 செ.மீ. இருபது அலைவுக்கு ஆன நேரம் 18.3, 25.0, 30.3, 34.7, 38.7 விநாடி.

பதில்:

போதாது, தம்பி. அந்தக் கடைசி ஸ்லைடை அழித்துவிடு. அதில் இருக்கும் இரண்டு காரணங்களும் உன் ப்ராஜெக்ட்டில் நடக்கவில்லை. நடந்தது வேறு இரண்டு. இரண்டுமே நீ அனுப்பிய பத்து எண்களுக்குள் இருக்கின்றன. நீ ஊசலை ஆட்டியபோது நான் பக்கத்தில் இல்லை, ஆனாலும் நீ எப்படி அளந்தாய், எப்படி எண்ணினாய் என்று என்னால் சொல்ல முடியும். அது எப்படி என்று பார்த்துவிட்டு ஸ்லைடுகளுக்கு வருவோம்.

ஒரு பிழையைக் குற்றவாளி என்று சொல்வதற்கு முன் அதனிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். நீ விடையை எந்தப் பக்கம் தள்ளுவாய்? எவ்வளவு தள்ளுவாய்?

சூத்திரம் உனக்குத் தெரியும், T ஓர் அலைவுக்கு ஆகும் நேரம், L ஊசலின் நீளம்:

```
T = 2π√(L/g)
g = 4π²L/T²
```

உன் g கூடுதலாக வந்திருக்கிறது. இரண்டாவது வரியைப் பார்: g கூட வேண்டுமென்றால் ஒன்று L கூடுதலாகப் போயிருக்க வேண்டும், இல்லை T குறைவாகப் போயிருக்க வேண்டும். காற்று ஊசலின் வீச்சைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். அலைவு நேரத்தில் அது செய்யும் மாற்றம் மிகச் சிறியது. அந்தச் சிறிய மாற்றமும் நேரத்தைக் கூட்டும் பக்கம்தான் போகும், அதாவது g குறைய வேண்டும். குண்டை அதிகமாக இழுத்துவிட்டேன் என்று சிலர் எழுதுவார்கள். அதுவும் நேரத்தைக் கூட்டும்: 10 பாகைக்கு இழுத்தால் 0.2 சதவீதம், 30 பாகைக்கு இழுத்தால் 1.7 சதவீதம். ஆக இவை இரண்டும் விடையை எதிர்ப்பக்கம் தள்ளுபவை.

"மனிதப் பிழை" என்று நீ சொல்வது ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் வரும் தாமதம் என்றால், அது 0.2 விநாடி அளவுக்குத்தான் இருக்கும். தொடங்கும்போதும் தாமதம், நிறுத்தும்போதும் தாமதம் என்பதால் பாதி தானாகக் கழிந்தும் போகும். முழு 0.2 விநாடியும் தங்கியது என்று வைத்துக்கொண்டாலும், 38.7 விநாடியில் அது அரை சதவீதம். g-இல் ஒரு சதவீதம், அதாவது 0.1. நீ தேடும் ஆள் அதைவிடப் பெரியவன்.

இனி உன் எண்களுக்கு வருவோம். சராசரி எடுத்ததுதான் முதல் சறுக்கல். ஐந்து நீளத்துக்கும் தனித்தனியாக g கணக்கிட்டால் வருவது இது: 9.43, 10.11, 10.32, 10.49, 10.54. வரிசையாக மேலே ஏறுகிறது, பார்த்தாயா? கைத்தடுமாற்றம் என்றால் ஒன்று கூடி ஒன்று குறைந்து முன்பின்னாகச் சிதறியிருக்கும். ஒரே பக்கமாக ஏறினால் ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தவறுகிறது என்று பொருள். சராசரி அந்த ஏற்றத்தை மூடி மறைத்துவிட்டது.

எது நூல் குட்டையாக இருக்கும்போது பெரிதாகவும், நீளமாக இருக்கும்போது சிறிதாகவும் கடிக்கும்? மாறாத ஒரு நீளம் ஒவ்வொரு அளவிலும் விடுபட்டால் அப்படி நடக்கும். 3 செ.மீ. விட்டுப்போனது என்று வைத்துக்கொள். 20 செ.மீ. நூலில் அது பெரிய பங்கு. 100 செ.மீ. நூலில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நீயே "நூல் நீளம்" என்றுதான் எழுதியிருக்கிறாய். சூத்திரத்தில் இருக்கும் L நூலின் நீளம் இல்லை. மேலே நூல் பிடிபட்டிருக்கும் இடத்திலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தூரம் அது. நூல் முடியும் இடத்தில் ஒரு கொக்கி, அதன் கீழே குண்டின் பாதி, இவை இரண்டும் உன் கணக்கில் சேரவில்லை.

இதை ஊகமாக விடவேண்டாம், வரைபடம் வரைந்தால் எத்தனை செ.மீ. விட்டோம் என்பதும் தெரிந்துவிடும். ஒரு ஷீட்டில் இரண்டாவது வரிசையிலிருந்து தொடங்கி A நெடுவரிசையில் நூல் நீளத்தை மீட்டரில் போடு, B-யில் இருபது அலைவு நேரம், C-யில் T², அதாவது `=(B2/20)^2`. பிறகு இவற்றைத் தட்டு:

```
=SLOPE(C2:C6,A2:A6)
=4*PI()^2/SLOPE(C2:C6,A2:A6)
=INTERCEPT(C2:C6,A2:A6)/SLOPE(C2:C6,A2:A6)
```

உன் எண்களுக்கு முதல் வரி 3.63 தரும், இரண்டாவது 10.87, மூன்றாவது 0.031. இந்த மூன்றாவது எண்தான் விடுபட்ட நீளம்: 3.1 செ.மீ. வரைபடத்தில் இது கண்ணுக்கே தெரியும். எல்லாம் சரியாக இருந்தால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவேண்டும், ஏனென்றால் நீளம் பூஜ்யமானால் நேரமும் பூஜ்யம். உன் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் ஆதிப்புள்ளிக்கு இடது பக்கம், −3 செ.மீ. அருகே அச்சைத் தொடும். இப்போதே எழுந்துபோய் கொக்கியின் மேல்முனையிலிருந்து குண்டின் நடுவரை அளவுகோல் வைத்துப் பார். 3 செ.மீ. சொச்சம் இருக்கும்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. நீளம் விடுபட்டால் L குறையும், g குறைவாகத்தான் வர வேண்டும். உனக்குக் கூடுதலாக அல்லவா வந்திருக்கிறது? முதல் பிழை உண்மையில் இரண்டாவது பிழையை மறைத்துக்கொண்டிருந்தது. சாய்விலிருந்து வரும் g-க்கு ஒரு நல்ல குணம் உண்டு: எல்லா நீளத்திலும் ஒரே அளவு விடுபட்டிருந்தால் கோடு பக்கவாட்டில் நகருமே தவிர அதன் சாய்வு மாறாது. எனவே 10.87 என்பது நீளப் பிழை நீங்கிய மதிப்பு. இப்போதும் 11 சதவீதம் கூடுதல். g-இன் சூத்திரத்தில் T வர்க்கமாக வருவதால், T 5 சதவீதம் குறைவாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

5 சதவீதம் என்றால் இருபதில் ஒன்று. நீ இருபது எண்ணவில்லை, பத்தொன்பதுதான் எண்ணியிருக்கிறாய்.

குண்டைக் கையிலிருந்து விட்ட நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்திக்கொண்டே "ஒன்று" என்று சொல்லியிருப்பாய். அப்போது ஓர் அலைவும் முடியவில்லை, சொல்ல வேண்டியது "பூஜ்யம்". வேலிக்கம்பத்தை எண்ணுவதும் கம்பங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை எண்ணுவதும் ஒன்றல்ல என்பது போலத்தான் இது. நான் பார்த்த ஊசல் ப்ராஜெக்ட்டுகளில் அடிக்கடி வந்த பிழை இதுதான். செய்தவர்கள் யாருக்கும் அதைச் செய்தது தெரியாது, அதனால் பிழைப் பட்டியலிலும் வராது. 10.87-ஐ 19/20-இன் வர்க்கத்தால் பெருக்கினால் 9.81 வருகிறது.

இங்கே நீ என்னைச் சந்தேகப்பட வேண்டும். தெரிந்த விடை வரும்வரை ஏதாவது ஒரு எண்ணால் பெருக்கிக்கொண்டே இருந்தால் யாருக்கும் 9.81 வரும். அதனால் 9.8 என்ற எண்ணின் உதவியே இல்லாமல் எண்ணிக்கைப் பிழையைப் பிடிக்கும் ஒரு சோதனை வேண்டும். அது இருக்கிறது. 100 செ.மீ. நூலை அப்படியே வைத்து, நீ முன்பு எண்ணிய அதே பழக்கத்தில் முப்பது வரை எண்ணு. உன் எண்ணிக்கை சரி என்றால் நேரம் 38.7-இன் ஒன்றரை மடங்கு, அதாவது 58.1 விநாடி வரும். ஒன்று குறைவாக எண்ணியிருந்தால் 59.1 வரும். ஒரு விநாடி வித்தியாசம், விரல் தாமதத்தைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் குழப்பத்துக்கு இடமில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. முப்பதுக்கான நேரத்திலிருந்து இருபதுக்கான நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது சரியாகப் பத்து அலைவு. இரண்டிலும் அதே ஒன்று குறைந்திருப்பதால் கழிக்கும்போது அந்தப் பிழை போய்விடும். 59.1-இல் 38.7 போனால் 20.4, ஆக T 2.04 விநாடி. நீ எழுதியிருந்தது 1.935.

மறுபடி அளக்கும்போது குண்டை விட்டவுடன் எண்ணத் தொடங்காதே. இரண்டு மூன்று முறை ஆடவிடு. குண்டு நேர்கீழே கடக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு தாளில் செங்குத்துக் கோடு போட்டு வை. கோட்டை இடமிருந்து வலமாகக் கடக்கும்போது "பூஜ்யம்" சொல்லி அழுத்து. அடுத்த முறை அதே திசையில் கடக்கும்போதுதான் "ஒன்று". ஓரத்தில் குண்டு தயங்கி நின்று திரும்புவதால் எந்த நொடியில் திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது; நடுவில் வேகமாகப் போவதால் கடக்கும் நொடி கூர்மையாகத் தெரியும். திசையை மறந்து ஒவ்வொரு கடப்பையும் எண்ணினால் g நான்கு மடங்காகி 39-க்குப் பக்கத்தில் நிற்கும். அந்தப் பிழை தானே கத்திச் சொல்லிவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

இப்போது கரோசல். ஏழு ஸ்லைடு போதும். எல்லாவற்றையும் 1080×1350 அளவில், செங்குத்தாக ஒரே மாதிரி செய். ஒன்று மட்டும் படுக்கைவாட்டில் இருந்தால் ஓரம் வெட்டுப்படும், வெட்டுப்படுவது பெரும்பாலும் வரைபடத்தின் அச்சாக இருக்கும்.

முதல் ஸ்லைடில் கேள்வி. "தனி ஊசல் மூலம் புவியீர்ப்பு முடுக்கம் காணல்" என்று பாடப்புத்தகத் தலைப்பைப் போடாதே, அது கேள்வி இல்லை. "ஒரு நூலும் ஒரு குண்டும் வைத்து g-ஐ எவ்வளவு நெருக்கமாக அளக்க முடியும்?" என்று கேள். இந்தக் கேள்விக்குப் பிழை என்பது விடையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது, கடைசியில் ஒட்டவைத்த மன்னிப்பாக இருக்காது.

செய்முறைக்கு ஒரே படம் போதும், ஆனால் அது மேசையோடு நீ சிரித்துக்கொண்டு நிற்கும் படமாக இருக்கக்கூடாது. நூல், கொக்கி, குண்டு, பக்கத்தில் அளவுகோல், எல்லாம் கண்மட்டத்தில். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை அளந்தாய் என்று இரண்டு சிவப்புக் கோடு போடு. முதல் முறை அளந்தபடியே போடு, தவறாகவே. கீழே இரண்டு வரி: ஐந்து நீளம், ஒவ்வொன்றிலும் எத்தனை முறை அளந்தாய், எங்கிருந்து எண்ணினாய். கைப்பேசித் திரையில் ஒரு ஸ்லைடுக்கு இருபது, இருபத்தைந்து சொல்லுக்கு மேல் யாரும் படிப்பதில்லை.

மூன்றாவதில் முதல் முடிவு: மூன்று நெடுவரிசை, ஐந்து வரிசை அட்டவணை. நூல் நீளம், இருபதுக்கான நேரம், g. இதைத் திருத்தாதே. புது அளவு வந்ததும் பழையதைத் தூக்கிவிட்டுச் சுத்தமான அட்டவணையைப் போட ஆசை வரும். போட்டால் அடுத்த மூன்று ஸ்லைடுக்கும் வேலையே இல்லாமல் போய்விடும். g நெடுவரிசையை மட்டும் வேறு நிறத்தில் காட்டு, ஏறுவது தானாகத் தெரியும். கணிப்பான் காட்டுகிறதே என்று 10.1065 எல்லாம் எழுதாதே. உன் கையில் இருந்த ஸ்டாப்வாட்சுக்கு அவ்வளவு தெரியாது.

நான்காவது ஸ்லைடு வரைபடம், இந்தக் கரோசலிலேயே எனக்குப் பிடித்தது. ஷீட் தானாக வரைந்து தருவதை அப்படியே எடுக்காதே. அது பெரும்பாலும் கோட்டை முதல் புள்ளியிலேயே தொடங்கி நிறுத்திவிடும், நமக்கு வேண்டிய சங்கதியோ அதற்கு இடது பக்கத்தில் இருக்கிறது. கிடை அச்சை −0.10 மீட்டரிலிருந்து 1.10 வரை வை, செங்குத்து அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கு. புள்ளியையும் புள்ளியையும் சேர்த்துக் கோணல்மாணலாக இழுக்காமல் ஐந்துக்கும் பொதுவான ஒரே நேர்கோடு போட்டு, அதை அச்சைத் தொடும்வரை பின்னால் நீட்டு. தொடும் இடத்தில் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் "−3.1 செ.மீ." அவ்வளவுதான்.

ஐந்தாவதும் ஆறாவதும் "எங்கே தவறியது". இரண்டு பிழைக்கும் ஆளுக்கொரு ஸ்லைடு. ஐந்தாவதில் கொக்கியும் குண்டும் மட்டும் தெரியும் நெருக்கமான படம், அளவுகோலில் 3 செ.மீ. அம்புக்குறி. எழுத்து இப்படி இருக்கலாம்: "நூலை மட்டும் அளந்தேன். கொக்கியும் குண்டின் பாதியும் விட்டுப்போனது. 20 செ.மீ. நூலில் இது g-ஐ 13 சதவீதம் குறைத்தது, 100 செ.மீ. நூலில் 3 சதவீதம்." ஆறாவதில் ஊசலின் படம் வரைந்து 0, 1, 2 என்று சரியான எண்ணிக்கையை மேலேயும், நீ சொன்ன 1, 2, 3-ஐ அதன் கீழேயும் எழுது. கீழே: "விட்டபோதே ஒன்று என்று எண்ணினேன். முப்பது வரை எண்ணிச் சோதித்தேன், 58.1 வரவில்லை, 59.1 வந்தது." அந்த 59.1 என் கணக்கு. நீ அளந்து என்ன வருகிறதோ அதை எழுது.

கடைசி ஸ்லைடு மறு அளவு. அதற்கு முன் ஒரு வேலை செய். 100 செ.மீ. நூலில் உண்மையான இருபது அலைவுக்கு 40.7 விநாடி, 20 செ.மீ. நூலில் 19.3 விநாடி வரவேண்டும் என்பது என் கணிப்பு. அளப்பதற்கு முன்பே இதை ஒரு தாளில் எழுதி, தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள். கணிப்பும் அளவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஸ்லைடைப் பார்க்கும் நடுவருக்கு உன்னிடம் கேட்க உருப்படியான கேள்வி கிடைக்கும்.

9.81 என்று துல்லியமாக வரவில்லையே என்று கவலைப்படாதே. பூமியிலேயே அது ஒரே எண் இல்லை, நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83. 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிசிலிருந்து ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று விட்டிருக்கலாம். அவர் ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கி, எவ்வளவு குட்டையாக்கினேன் என்று குறித்துவைத்தார். பூமி நடுவில் உப்பலாக இருக்கிறது என்று நியூட்டன் வாதிட்டபோது எடுத்துக்காட்டிய சான்றுகளில் அதுவும் ஒன்று.

ஒன்றை மட்டும் சொல்லி விடுகிறேன், ஸ்லைடில் போடுவதும் போடாததும் உன் விருப்பம். நீ ஐந்து நீளம் எடுக்காமல் 28 செ.மீ. நூல் ஒன்றை மட்டும் வைத்துச் செய்திருந்தால், கொக்கிப் பிழை கீழே இழுக்க, எண்ணிக்கைப் பிழை மேலே தள்ள, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 9.8 என்று அச்சாக வந்திருக்கும். அப்போது "பிழை ஏதுமில்லை" என்று எழுதி ஒட்டியிருப்பாய்.

மறு அளவில் 40.7-க்குப் பதில் 39.8 மாதிரி ஏதாவது வந்தால் எனக்கு எழுது. அப்படியானால் ஊசலின் நீளம் நீ நினைப்பதைவிட ஏறத்தாழ 5 செ.மீ. குறைவு. அந்த மாதிரி நேரத்தில் கீழே குண்டைப் பார்க்காமல் மேலே பார். நூல் முடிச்சில் ஆடாமல், அதற்குக் கீழே மேசை விளிம்பிலோ கம்பியிலோ உரசி அங்கிருந்து ஆடிக்கொண்டிருக்கும்.